3,410-இல் நின்றுபோன பக்கம்: சுங்கை சிப்புட் தையல்கடை ஒன்றின் ஃபாலோவர் தேக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் அக்கா ஒருவர் சேலை பிளவுஸ் தைக்கிறார், ஆரி வேலையும் செய்கிறார். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். திருமணமான பிறகு டவுனுக்கு வந்து, ஒரே ஒரு தையல் இயந்திரத்தோடு தொழிலைத் தொடங்கினார். இன்ஸ்டாகிராம் பக்கம்தான் அவருக்குக் கடைப்பலகை. மே மாதம் என்னைக் கூப்பிட்டபோது பக்கத்தில் 3,410 ஃபாலோவர்கள் இருந்தார்கள். பிப்ரவரியிலும் கிட்டத்தட்ட அதே எண்தான்.

"தம்பி, நான் முன்னைவிட அதிகமாத்தான் போடுறேன். லைக்கும் நல்லாத்தான் வருது. ஆள் மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்றார்.

அவர் சொன்ன மூன்றும் உண்மை என்று பிறகு தெரிந்தது. அந்த மூன்றும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது. பெயரும் பக்கமும் வெளியே வராமல் எழுத அக்கா சம்மதித்தார், அதனால் எண்களை அப்படியே தருகிறேன்.

முதலில் வரவையும் போக்கையும் பிரித்தோம்

ஃபாலோவர் எண்ணிக்கை அசையாமல் நிற்கிறது என்றால் யாரும் வரவில்லை என்று அர்த்தம் இல்லை. வருகிறவர்களும் போகிறவர்களும் சமமாக இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இன்சைட்ஸ் பகுதியில் ஃபாலோவர் வரைபடத்தைத் திறந்தால் `Follows`, `Unfollows` இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கும். கடந்த 90 நாளில் 171 பேர் வந்திருந்தார்கள், 164 பேர் போயிருந்தார்கள். மிச்சம் 7.

இதைப் பிரிக்காமல் மருந்து தேடினால் தவறான இடத்தில் தேடுவோம். வரவு குறைந்திருந்தால் புதியவர்கள் நம்மைப் பார்ப்பதே குறைந்திருக்கும். போக்கு கூடியிருந்தால் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு நம்மிடம் ஏதோ அலுத்திருக்கும். இங்கே எது என்று தெரிந்துகொள்ளப் பழைய கணக்கு தேவைப்பட்டது. இன்சைட்ஸ் அவ்வளவு தூரம் பின்னால் போகாது.

அதற்கு ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. இன்ஸ்டாகிராமிலிருந்து நம் கணக்கின் தகவலைப் பதிவிறக்கும்போது, ஃபாலோவர் பட்டியல் `followers_1.json` என்ற கோப்பாக வரும். அதில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எப்போது ஃபாலோ செய்தார் என்ற நேரமும் இருக்கும். பதிவிறக்கும்போது வடிவத்தை JSON என்றும் காலத்தை `All time` என்றும் மாற்றிவிட வேண்டும். மறந்தால் குறிப்பிட்ட காலத்துப் பெயர்கள் மட்டும் வரும், கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். நேரம் வினாடிகளில், 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணப்பட்டிருக்கும். கூகுள் ஷீட்ஸில் மலேசிய நேரத்துக்கு மாற்ற இந்த ஒரு வரி போதும்:

```
=A2/86400 + DATE(1970,1,1) + 8/24
```

இதில் ஒரு குறையும் இருக்கிறது. வந்துவிட்டுப் போனவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை, தங்கியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். பழைய மாதம் ஆக ஆக அதிகம் பேர் உதிர்ந்திருப்பார்கள், ஆகவே பழைய மாதங்களின் எண் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். அப்படியிருந்தும் சென்ற ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை மாதத்துக்குச் சுமார் 120 பேர் வந்திருந்தார்கள். இப்போது 50 அளவில்தான் வருகிறார்கள். பிழை பழைய மாதங்களுக்கு எதிராக இருந்தும் அவைதான் மேலே நிற்கின்றன, ஆகவே வரவு பாதிக்கு மேல் விழுந்தது நிச்சயம்.

அந்தப் பட்டியலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரே 9 நாளில் 480 பேர் வந்திருந்தார்கள். "அது என்னக்கா?" என்று கேட்டேன். "அது நாங்க மூணு பேரு சேர்ந்து வெச்ச பரிசுப் போட்டி" என்றார். அதை அப்போது குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

என்ன போடுகிறார், அது யாரிடம் போகிறது

90 நாளில் அக்கா போட்டது 47 போஸ்ட். ஒவ்வொன்றையும் ஒரு ஷீட்டில் வரிசையாக எழுதினோம். எந்த வகை, ஃபாலோ செய்யாதவர்கள் எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது, அந்தப் போஸ்ட் வழியாக எத்தனை பேர் ஃபாலோ செய்தார்கள் என்ற மூன்றும் போதும். லைக் எண்ணை வேண்டுமென்றே எழுதவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பாதிக்கு மேல், அதாவது 24 போஸ்ட், வாடிக்கையாளர் கல்யாணத்திலோ வளைகாப்பிலோ பிளவுஸ் போட்டுக்கொண்டு நிற்கும் படங்கள். தைத்து முடித்த பிளவுஸ் மட்டும் காட்டும் போஸ்ட் 6. "ஆர்டர் முடிந்தது", "இந்த வாரம் கடை இல்லை" போன்ற அறிவிப்புகள் 9. பண்டிகை வாழ்த்து 4. மீதி 4 வேலை நடப்பதைக் காட்டும் ரீல்ஸ். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஆரி ஊசி ஏறி இறங்க, கழுத்து ஓரத்தில் மணி ஒவ்வொன்றாக உட்கார்வதைக் காட்டும் வீடியோக்கள் அவை.

அந்த 4 வீடியோக்கள் மட்டும் ஃபாலோ செய்யாத 9,200 பேரைச் சேர்ந்திருந்தன, 41 பேரைக் கொண்டுவந்திருந்தன. வாடிக்கையாளர் படங்கள் 24-உம் சேர்ந்து 1,900 பேரைச் சேர்ந்து 6 பேரைக் கொண்டுவந்தன. முடித்த பிளவுஸ் போஸ்ட்கள் 10 பேர், அறிவிப்புகளால் ஒருவர், வாழ்த்துகளால் யாரும் இல்லை. கூட்டினால் 58. மொத்த வரவான 171-இல் மீதிப் பேர் தேடல் வழியாகவோ, யாரோ சொல்லியோ, நேரே பக்கத்துக்கு வந்தவர்கள். அவர்களை எந்தப் போஸ்ட்டின் கணக்கிலும் சேர்க்க முடியாது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பார்த்த ஆயிரம் புதியவரில் எத்தனை பேர் ஃபாலோ செய்தார்கள் என்று வகுத்தால், வேலை வீடியோவுக்கு நாலரை, வாடிக்கையாளர் படத்துக்கு மூன்றுக்குச் சற்று மேல். வித்தியாசம் அப்படி ஒன்றும் பெரிதில்லை. பார்த்தவர்களைப் பிடிக்கும் சக்தி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒரு வேலை வீடியோ சராசரியாக 2,300 புதியவர்களிடம் போகிறது, ஒரு வாடிக்கையாளர் படம் 80 பேரிடம் போகிறது. ரீல்ஸை இன்ஸ்டாகிராம் ஃபாலோ செய்யாதவர்களுக்கும் எடுத்துக் காட்டுகிறது. சாதாரணப் படம் பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பவர்களிடமே சுற்றுகிறது. அக்காவின் படங்களில் குறை ஏதும் இல்லை, அவை புதிய கண்களில் படவே இல்லை, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை எண்ணிப் பார்த்தோம். மொத்தம் 31 போஸ்ட், அதில் 11 வேலை வீடியோ. இப்போது 47-இல் 4. போஸ்ட் கூடியிருக்கிறது, புதியவர்களிடம் போகும் போஸ்ட் குறைந்திருக்கிறது. காரணத்தை அக்காவே சொன்னார்: "ஆர்டர் கூடிப்போச்சு தம்பி. கேமராவ வெச்சு எடுக்க எங்க நேரம்? படம் அவங்களே அனுப்பிடுறாங்க, நான் போட்டா சந்தோசப்படுறாங்க." தொழில் வளர்ந்ததால் வந்த தேக்கம் இது. இப்படி நின்றுபோன பல சின்னக் கடைகளின் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன்.

லைக்கை ஏன் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் படத்துக்கு 300 லைக் வரும், வேலை வீடியோவுக்கு 120. மணப்பெண்ணின் அத்தை, சித்தி, பள்ளித் தோழிகள் எல்லோரும் வந்து இதயத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஃபாலோவர்கள். இந்த எண்தான் ஒரு வருடமாக அக்காவைப் படங்களின் பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அதே ஆட்கள், மூன்று பக்கங்கள்

அந்த 24 படங்களில் 8, கொலாப் போஸ்ட். டவுனில் மேக்கப் செய்யும் ஒருவரோடும் மருதாணி போடும் ஒருவரோடும் சேர்ந்து போட்டவை. கொலாப் என்றால் ஒரே போஸ்ட் இரண்டு பக்கத்து ஃபாலோவர்களுக்கும் போகும், அதனால் வளர்ச்சிக்கு நல்ல வழி என்று எல்லோரும் சொல்வார்கள். மேக்கப் பக்கத்தோடு செய்த முதல் கொலாப் 38 பேரைக் கொண்டுவந்ததாக அக்காவுக்கு நினைவிருந்தது, அந்தப் போஸ்ட்டின் இன்சைட்ஸும் அதையே காட்டியது. இந்த 90 நாளில் செய்த எட்டும் சேர்ந்து 3 பேர்.

பக்கத்தில் எந்தத் தவறும் செய்யாமலே கொலாப் இப்படி வற்றிப்போகும் என்றால், இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றாகிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். மற்றவர்களின் ஃபாலோவரோடு நம் ஃபாலோவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை இன்ஸ்டாகிராம் சொல்வதில்லை. மேக்கப் அக்காவும் மருதாணித் தங்கையும் சம்மதித்துத் தங்கள் பட்டியலைப் பதிவிறக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த மாடியிலேயே, அவரவர் முன்னாலேயே ஒப்பிட்டோம். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கோப்புகளை அழித்துவிட்டோம். அடுத்தவர் பட்டியலை நம் கணினியில் வைத்திருக்கக் கூடாது.

```python
import json
def peyar(f):
    return {r["string_list_data"][0]["value"]
            for r in json.load(open(f))}
a, b = peyar("thaiyal.json"), peyar("makeup.json")
print(len(a), len(b), len(a & b))
```

பைதான் வேண்டாம் என்றால், இரண்டு பெயர்ப் பட்டியலையும் ஷீட்டின் இரண்டு நெடுவரிசையில் ஒட்டி `=COUNTIF(B:B,A2)` போட்டு, அதைக் கடைசி வரிசை வரை இழுத்துக் கூட்டினாலும் இதே விடைதான்.

மேக்கப் பக்கத்தில் 2,860 பேர், அதில் 1,930 பேர் ஏற்கெனவே அக்காவின் ஃபாலோவர்கள். நூற்றுக்கு 67. மருதாணிப் பக்கத்தில் 1,540-இல் 1,090, நூற்றுக்கு 71. வகுக்கும்போது கீழே எதைப் போடுகிறோம் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். நமக்கு வேண்டியது அந்தப் பக்கத்து ஆட்களில் எத்தனை பங்கு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறார்கள் என்பதுதான். நம் ஆட்களில் எத்தனை பங்கு அங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்குப் பயன்படும் கணக்கு.

மீதி 930 பேர் இருக்கிறார்களே என்று தோன்றலாம். ஆனால் அவர்கள் இந்த எட்டுக் கொலாப்பையும், அதற்கு முன் வந்தவற்றையும் பார்த்திருக்க வாய்ப்புள்ளவர்கள். பார்த்தும் வேண்டாம் என்று விட்டவர்கள், அல்லது இன்ஸ்டாகிராமையே திறக்காதவர்கள். அவர்களைப் புதியவர்கள் என்று எண்ணக் கூடாது.

அப்போதுதான் அந்தப் பரிசுப் போட்டி நினைவுக்கு வந்தது. பரிசு வேண்டும் என்றால் மூன்று பக்கத்தையும் ஃபாலோ செய்ய வேண்டும் என்பது விதி. அந்த 9 நாளில் வந்து இன்னும் தங்கியிருக்கும் 480 பேரில் 430 பேர் மேக்கப் பக்கத்திலும் இருந்தார்கள். போட்டி மூன்று பக்கத்துக்கும் எண்ணைக் கூட்டியது, அதே சமயம் மூன்று பக்கத்தையும் ஒரே கூட்டமாகக் கட்டிப்போட்டது. அதற்குப் பிறகு ஒருவர் மற்றவருக்கு ஆள் அனுப்ப முடியாமல் போனது.

ஆனால் எல்லாப் பழியையும் போட்டி மேல் போட முடியாது. ஒத்துப்போகும் 1,930-இல் 430 போனாலும் 1,500 பேர் மிஞ்சுகிறார்கள். அது இந்த ஊரின் இயல்பு. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் ஒரே கோயிலுக்குப் போகின்றன, பிள்ளைகள் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், கல்யாணத்துக்கு அழைக்கும் பட்டியலே ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய நகரத்தில் தையல்காரரும் மேக்கப்காரரும் வேறு வேறு ஆட்களை வைத்திருக்கலாம். இங்கே அது நடக்காது. ஊரில் இந்தப் பக்கத்தை ஃபாலோ செய்யக்கூடியவர்கள் பெரும்பாலும் செய்து முடித்துவிட்டார்கள். இனி வளர்ச்சி என்றால் ஊருக்கு வெளியேதான்.

ஈப்போவில் அக்கா துணி எடுக்கும் ஒரு சேலைக்கடையின் பக்கத்தில் 11,000 பேர் இருந்தார்கள். அவர்களிடம் பட்டியல் கேட்க முடியாது. ஆகவே அவர்களின் அண்மைப் போஸ்ட்களுக்கு லைக் போட்டவர்களில் 60 பேரை இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்து, அக்காவின் ஃபாலோவர் பட்டியலில் தேடினோம். 4 பேர் கிடைத்தார்கள். 60 பேரை வைத்து நூற்றுக்கு இத்தனை என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. உண்மை 3-ஆக இருக்கலாம், 15-ஆகவும் இருக்கலாம். ஆனால் 67 அல்ல. முடிவெடுக்க அது போதும்.

விட்டு விட்டுப் போடுவதுதான் காரணமா?

முதல் நாளே அக்கா தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டது இதற்காகத்தான்: "நான் ஒழுங்காப் போடுறதில்ல, அதான்." சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஒரு வாரம் 11 போஸ்ட், இன்னொரு வாரம் 9. பிறகு 16 நாள் ஒன்றுமே இல்லை. பார்த்தால் குற்றவாளி இதுதான் என்று தோன்றும்.

இடைவெளி பக்கத்தை அமுக்குகிறது என்றால், இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் போஸ்ட் தளர்ந்து போக வேண்டும். 16 நாள் மௌனத்துக்குப் பின் அக்கா போட்டது ஒரு வேலை வீடியோ. அது ஃபாலோ செய்யாத 2,600 பேரிடம் போனது. நான்கு வேலை வீடியோவில் அதற்கு இரண்டாம் இடம். ஒரே ஒரு சான்றுதான், ஆனால் மௌனம் தண்டனை தந்ததற்கான அடையாளம் எங்கும் இல்லை.

போக்கில்தான் வேறு கதை. 164 பேரில் 61 பேர் அந்த இரண்டு நெரிசல் வாரங்களில் போயிருந்தார்கள். மற்ற 11 வாரங்களில் வாரத்துக்கு 9 பேர் அளவில்தான். ஒன்றுமே போடாத இரண்டு வாரங்களில் 7, 6. ஒரு நாளில் இரண்டு அறிவிப்பும் மூன்று கல்யாணப் படமும் வந்து விழுந்தபோது, பரிசுக்காக வந்தவர்களுக்கு "இந்தப் பக்கம் எதுக்கு?" என்று தோன்றியிருக்கும். யார் போனார்கள் என்று இன்ஸ்டாகிராம் காட்டாது, ஆகவே பரிசுக்காக வந்தவர்கள்தான் போனார்கள் என்பது என் ஊகம். நெரிசல் வாரங்களில் போனார்கள் என்பது கணக்கு.

ஆக, இடைவெளி பெரிய தவறில்லை, கொட்டித் தீர்ப்பதுதான் தவறு. "தினமும் போடணுமா தம்பி?" என்று கேட்டபோது வேண்டாம் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. தினமும் போடச் சொல்லியிருந்தால் அவர் இன்னும் அதிகமாகக் கல்யாணப் படம் போட்டிருப்பார், அதே 3,410 பேர் இன்னும் அதிகமாகப் பார்த்திருப்பார்கள்.

மாற்றியதும், நடந்ததும்

போனைப் பிடிக்க ஒரு வளைகைத் தாங்கியை ஆரிச் சட்டத்தின் ஓரத்தில் மாட்டினோம். வேலையை நிறுத்த வேண்டியதில்லை, வாரத்தில் ஒரு நாள் போனை ஓடவிட்டு வேலை பார்த்தால் போதும். இரவில் அவர் மகள் 25 வினாடியாக வெட்டிவிடுவாள். அறிவிப்புகள் எல்லாம் ஸ்டோரிக்குப் போயின. அதைப் பெரும்பாலும் ஃபாலோவர்கள்தான் பார்ப்பார்கள், அறிவிப்பும் அவர்களுக்குத்தான். வாடிக்கையாளர் படத்தை நிறுத்தவில்லை. அனுப்பியவர்கள் மனம் நோகும், அதோடு ஆர்டர் கேட்டு வருபவர்கள் அதைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் போடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்தார். கொலாப்புக்கு ஈப்போ சேலைக்கடையைக் கேட்டார். அவர்கள் சேலைக்கு அக்கா பிளவுஸ் தைத்து, இரண்டு வீடியோ.

அடுத்த 90 நாளில் 31 போஸ்ட். வரவு 318, போக்கு 121, மிச்சம் 197. நடுவில் ஆடி மாதம் வந்தது. கல்யாணம் இல்லாத காலம் என்பதால் பண்டிகைக் காற்று தூக்கிவிட்டது என்று சொல்ல இடமில்லை. 13 வேலை வீடியோ 139 பேரையும், சேலைக்கடைக் கொலாப் இரண்டும் 47 பேரையும் கொண்டுவந்தன. சீராக வரவில்லை. இரண்டு வேலை வீடியோ மட்டும் 70 பேர், ஆறு வீடியோவுக்குத் தலா ஐந்து பேர்கூடத் தேறவில்லை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றியதால் எது எவ்வளவு செய்தது என்று சுத்தமாகப் பிரிக்க முடியாது. போக்கு குறைந்ததற்கு நெரிசல் நின்றது காரணமா, பரிசுக் கூட்டம் முன்பே உதிர்ந்து முடிந்ததா என்பதற்கு என்னிடம் விடை இல்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் முன்கூட்டி யோசிக்காத ஒன்று ஜூலையில் தெரிந்தது. ஃபாலோவர்கள் எந்த ஊர் என்று காட்டும் இடத்தில் முதல் ஐந்தில் சென்னை ஏறியிருந்தது. தமிழ் எழுத்தோடு வரும் ஆரி வீடியோவை இன்ஸ்டாகிராம் தமிழ்நாட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டுகிறது. அவர்கள் ரசிப்பார்கள், கற்றுக்கொள்வார்கள், சுங்கை சிப்புட்டுக்கு அளவு கொடுக்க வரமாட்டார்கள். அன்றிலிருந்து வீடியோவின் முதல் வினாடியிலேயே ஊர்ப் பெயரும் ரிங்கிட்டில் விலையும் எழுதுகிறார், கீழே ஒரு வரி மலாயிலும் சேர்க்கிறார். ஈப்போ பக்கத்து வரவு அதனால் கூடியதா என்று சொல்ல இன்னும் ஒரு 90 நாள் வேண்டும்.

அதற்குள் அக்கா தானாகவே ஒன்று ஆரம்பித்துவிட்டார். அளவு எழுதும் நோட்டில் மார்பளவு, கைநீளத்துக்குக் கீழே இப்போது இன்னொரு வரி இருக்கிறது: "எங்க பார்த்தீங்க?" போன வாரம் நான் போனபோது முதல் பக்கத்தில் ஏழு பெயர். மூன்றின் எதிரே "சேலைக்கடை வீடியோ" என்று எழுதியிருந்தது, மூன்றின் எதிரே "தெரிஞ்சவங்க சொன்னாங்க", ஒன்றின் எதிரே "மணி கோக்குற வீடியோ, கோலகங்சார்".